எழுத்து வருகிறது, படம் வரவில்லை: பள்ளி, அலுவலக நெட்வொர்க்கில் தடையைக் கண்டுபிடிக்கும் வழி

தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் வழியில் உள்ள ஒரு பள்ளிக்கூட அலுவலகம். உதவித்தொகைக்காகப் பிள்ளைகளின் வங்கிப் பாஸ்புக் முதல் பக்கத்தைப் பெற்றோர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பால் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்னே ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு பக்க நகலைக் கொடுக்க அவர்கள் பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. அதனால்தான் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அலுவலக அக்கா கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிற படங்களைச் சேமித்து அச்செடுப்பார்.

ஒரு திங்கட்கிழமையிலிருந்து படங்கள் வரவில்லை. "தம்பி, எழுத்தெல்லாம் வருது. படம் மட்டும் மூஞ்சியில மாவு பூசுன மாதிரி நிக்குது" என்றார் போனில். மங்கலான ஒரு சின்னப் படம், நடுவில் கீழ்நோக்கிய அம்புக்குறி. அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிறகு பழையபடி அம்புக்குறி. பிழைச் செய்தி ஏதும் இல்லை.

இந்த மாதிரிச் சிக்கலில் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, கணினியை அணைத்துப் போடுவது. அடுத்தது, வாட்ஸ்அப்பை லாக்அவுட் செய்து திரும்ப இணைப்பது. இரண்டுமே இங்கே உதவாது. லாக்அவுட் செய்தால் ஏற்கெனவே பிரவுசரில் இறங்கியிருந்த பழைய படங்களும் போய்விடும். அவற்றைத் திரும்ப இறக்கவும் அந்த நெட்வொர்க் விடாது. எனவே கை வைக்கும் முன் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வோம்.

படமும் எழுத்தும் ஒரே வழியில் போவதில்லை

அரட்டைக் கருவியில் நாம் பார்ப்பது ஒரே ஜன்னல். ஆனால் பின்னால் குறைந்தது இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. வாட்ஸ்அப் வெப்பில் எழுத்துச் செய்திகள் `web.whatsapp.com` என்ற முகவரியோடு திறந்தே இருக்கும் ஒரு இணைப்பு வழியாக வந்து போகின்றன. படம் அப்படியில்லை. அனுப்புகிறவரின் போன் முதலில் படத்தைப் பூட்டி, அதாவது குறியாக்கம் செய்து, ஒரு மீடியா சர்வரில் ஏற்றிவிடும். அப்புறம் "படம் இந்த இடத்தில் இருக்கிறது, இதுதான் சாவி" என்ற சின்னச் செய்தியை மட்டும் எழுத்துப் பாதையில் அனுப்பும். அந்தச் செய்திக்குள்ளேயே மங்கலான ஒரு குட்டிப் படமும் இருக்கும். பெறுகிற கணினி அந்தச் செய்தியைப் படித்து, மீடியா சர்வருக்குத் தனியாகப் போய் முழுப் படத்தை எடுத்துவர வேண்டும். அந்த மீடியா சர்வர்களின் பெயர் `mmg.whatsapp.net` என்றோ, `media-` என்று தொடங்கி `.cdn.whatsapp.net` என்று முடியும் நீளமான பெயராகவோ இருக்கும்.

அக்கா சொன்ன "மாவு பூசுன" படம் இதுதான். குட்டிப் படம் எழுத்தோடு வந்துவிட்டது, முழுப் படத்தை எடுக்கப் போன பாதை அடைபட்டிருக்கிறது. எழுத்துப் பாதை நன்றாக இருக்கிறது என்பதற்கு அந்த மங்கல் படமே சாட்சி. அதுவும் வராமல் செய்தியே வரவில்லையென்றால் சிக்கல் வேறு. இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

மற்றக் கருவிகளும் இப்படித்தான். ஸ்லாக்கில் கோப்புகள் `files.slack.com` வழியாகவும், டிஸ்கார்டில் படங்கள் `cdn.discordapp.com`, `media.discordapp.net` வழியாகவும் வருகின்றன. உங்கள் இடத்தில் எந்தக் கருவி என்றாலும், கீழே சொல்லும் முறையில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. நெட்வொர்க்கில் வேண்டாத தளங்களை அடைக்கும் ஃபில்டர் உங்கள் படத்தைப் பார்த்துத் தடுக்கவில்லை. படம் பூட்டப்பட்டே போவதால் உள்ளே பாஸ்புக்கா, பூப்படமா என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிவது போகும் இடத்தின் பெயரும் அளவும்தான். எனவே "படத்தில் என்ன தப்பு" என்று தேடாதீர்கள், "எந்தப் பெயர் அடைபட்டிருக்கிறது" என்று தேடுங்கள்.

ஏன் சத்தமே இல்லாமல் தடுக்கிறது

தடை செய்த ஒரு தளத்தை நேரடியாகத் திறந்தால் ஃபில்டர் தன் பக்கத்தைக் காட்டும்: "இந்தத் தளம் உங்கள் நிறுவனத்தால் தடுக்கப்பட்டுள்ளது" என்று பெரிதாக எழுதியிருக்கும். அரட்டைக்குள் படத்தை எடுக்கும்போதும் ஃபில்டர் அதே பக்கத்தைத்தான் நீட்டுகிறது. ஆனால் அங்கே கேட்டது மனிதன் இல்லை, பக்கத்துக்குள் ஓடும் நிரல். அது படத்தை எதிர்பார்க்கிறது. வந்தது படம் இல்லை என்றதும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முயல்கிறது. தடுப்புப் பக்கம் யார் கண்ணிலும் படுவதில்லை.

தளம் தன்னை யார் என்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழுக்குப் பதில், தடுப்புப் பக்கம் ஃபில்டரின் சொந்தச் சான்றிதழோடு வந்தால் நிலைமை இன்னும் மோசம். நேரடியாகத் திறந்தால் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கையாவது காட்டும். பக்கத்துக்குள்ளிருந்து போன கோரிக்கை என்றால் எச்சரிக்கையே இல்லாமல் இணைப்பை முறித்துவிடும்.

முதல் படி: புதுப் படம், வேறு நெட்வொர்க்

சோதனைக்கு எப்போதும் அப்போதுதான் எடுத்த புதுப் படத்தைப் பயன்படுத்துங்கள். பழைய படம் பிரவுசரில் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கலாம். அது திறந்தவுடன் "சரியாகிவிட்டது" என்று நினைத்துப் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

அந்தக் கணினியை உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். வைஃபை இல்லாத மேசைக் கணினி என்றால் யூஎஸ்பி கேபிளில் போனை இணைத்து, போன் அமைப்பில் USB tethering-ஐ இயக்கினால் போதும். பள்ளி கேபிளைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எது வழியாகப் போகிறது என்று தெரியாது. அலுவலகக் கணினியை வெளி இணைப்பில் போடக் கூடாது என்று விதி இருந்தால் அதை மதித்து, உங்கள் சொந்த லேப்டாப்பை முதலில் பள்ளி நெட்வொர்க்கிலும் பிறகு ஹாட்ஸ்பாட்டிலும் போட்டுப் பாருங்கள்.

அதே கணினி, அதே பிரவுசர், அதே படம்: ஹாட்ஸ்பாட்டில் திறக்கிறது, பள்ளி நெட்டில் திறக்கவில்லை. அப்படியானால் காரணம் நெட்வொர்க்தான். இரண்டிலும் திறக்கவில்லையென்றால் கணினியையோ பிரவுசரையோ சந்தேகிக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் ஒரு எச்சரிக்கை. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மலையடிவாரத்தில் போன் சிக்னலே ஒரு கோடு, இரண்டு கோடுதான் இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே ஹாட்ஸ்பாட்டில் படம் வராமல் போனால் அது எதையும் நிரூபிக்காது. முதலில் ஹாட்ஸ்பாட்டில் படங்கள் நிறைந்த ஒரு செய்தித் தளம் திறக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் சோதியுங்கள்.

அக்காவின் கணினியில் ஹாட்ஸ்பாட் போட்ட நொடியில் பதினேழு பாஸ்புக் படங்களும் வரிசையாகத் திறந்தன. அக்கா அவற்றைச் சேமிக்கத் தொடங்கிவிட்டார். நான் மறுபடி பள்ளிக் கேபிளைச் செருகி, என் போனிலிருந்து புதுப் படம் ஒன்றை அனுப்பினேன். மங்கலாகவே நின்றது.

இரண்டாம் படி: எந்தப் பெயர் அடைபட்டது என்று பார்ப்பது

புதிதாக வருபவர்கள் பயப்படுவது இந்தப் படிக்குத்தான். உண்மையில் ஐந்து நிமிட வேலை.

குரோம் அல்லது எட்ஜில் வாட்ஸ்அப் வெப் பக்கத்தில் இருக்கும்போது F12 அழுத்துங்கள். பக்கவாட்டிலோ கீழேயோ ஒரு பலகை திறக்கும். அதன் மேல்வரிசையில் Network என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பலகை திறந்த பிறகு நடப்பதை மட்டுமே பதிவு செய்யும். எனவே முதலில் பலகை, பிறகுதான் படம். அங்குள்ள Filter பெட்டியில் `whatsapp.net` என்று அடியுங்கள். இப்போது மங்கல் படத்தின் அம்புக்குறியை ஒரே ஒரு முறை அழுத்துங்கள்.

புதிய வரிகள் வரும். தோற்றவை சிவப்பில் இருக்கும். ஒரு சிவப்பு வரியை அழுத்தினால் Headers என்ற இடத்தில் முழு முகவரி தெரியும். அதில் உங்களுக்கு வேண்டியது `https://` என்பதற்கும் அடுத்த சாய்கோட்டுக்கும் நடுவில் உள்ள பெயர் மட்டும். அதை எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் Status நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நோய் எங்கே என்று சொல்வது அந்தச் சொல்தான்.

`net::ERR_NAME_NOT_RESOLVED` என்றால் பெயரைக் கேட்டபோதே, அதாவது டிஎன்எஸ் நிலையிலேயே, "அப்படி ஒரு இடம் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. `net::ERR_CONNECTION_RESET` என்றால் பெயருக்கு விடை கிடைத்து, இணைப்பு தொடங்கியபின் நடுவில் நின்று போக்குவரத்தைக் காவல் காக்கும் ஃபயர்வால் அதை வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். `net::ERR_CERT_AUTHORITY_INVALID` என்றால் மீடியா சர்வரின் இடத்தில் வேறு யாரோ, பெரும்பாலும் ஃபில்டர், பதில் சொல்கிறார்கள். 413 என்ற எண் வந்தால் அனுப்பும் கோப்பின் அளவு வரம்பைத் தாண்டியிருக்கிறது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். `net::ERR_BLOCKED_BY_CLIENT` என்று வந்தால் நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள். அது உங்கள் பிரவுசரிலேயே உள்ள விளம்பரத் தடுப்பான் போன்ற நீட்சியின் வேலை. நீட்சிகளை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். நெட்வொர்க் நிர்வாகியிடம் போய் நின்றபின் இது தெரியவந்தால், அடுத்த முறை நீங்கள் சொல்வதை அவர் நம்ப யோசிப்பார்.

அக்காவின் திரையில் `mmg.whatsapp.net`, `net::ERR_CERT_AUTHORITY_INVALID`. இடப்பக்கம் எல்லோருடைய முகப்புப் படமும் வெறும் சாம்பல் உருவமாக இருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அவை `pps.whatsapp.net` என்ற பெயரிலிருந்து வருபவை. அவையும் தோற்றிருந்தன. முகப்புப் படங்களும் காணாமல் போயிருந்தால் ஒரு பெயர் மட்டும் இல்லை, அந்தக் குடும்பப் பெயரே அடைபட்டிருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

மூன்றாம் படி: ஃபில்டரைப் பேச வைப்பது

கண்டுபிடித்த பெயரை புதிய டேப்பில் நேரடியாக அடியுங்கள்: `https://mmg.whatsapp.net`. தடை இல்லாத நெட்வொர்க்கில் அங்கே ஏதாவது ஒரு வரிப் பிழையோ வெற்றுப் பக்கமோதான் வரும். அது சர்வர் சொல்லும் பதில், நல்ல அறிகுறி. தடை உள்ள நெட்வொர்க்கில் ஃபில்டரின் பக்கமோ சான்றிதழ் எச்சரிக்கையோ வரும். பல ஃபில்டர்கள் அந்தப் பக்கத்தில் எந்த வகையின் கீழ் தடுத்தோம் என்றும் எழுதும்: சமூக ஊடகம், கோப்புப் பகிர்வு என்பது போல. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். நிர்வாகிக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் கிடையாது.

எச்சரிக்கை மட்டும் வந்தால், அதைத் தாண்டி உள்ளே போகாமல், சான்றிதழை வழங்கியது யார் என்று மட்டும் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் அதே முகவரியைத் திறந்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.

அடுத்து, அந்தப் பெயருக்கு என்ன எண் கிடைக்கிறது என்று பார்க்க, Command Prompt என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதை அடியுங்கள்:

```
nslookup mmg.whatsapp.net
```

இதைப் பள்ளி நெட்டில் ஒரு முறை, ஹாட்ஸ்பாட்டில் ஒரு முறை. எண்கள் கொஞ்சம் மாறுவது இயல்பு, பெரிய சேவைகளுக்குப் பல சர்வர்கள் உண்டு. ஆனால் பள்ளி நெட்டில் `0.0.0.0` என்றோ, `192.168.` அல்லது `10.` என்று தொடங்கும் உள்ளூர் எண்ணோ வந்தால் அது மீடியா சர்வர் இல்லை. வெளியுலகச் சர்வருக்கு அப்படி எண் இருக்க முடியாது. அக்காவின் கணினியில் வந்தது `192.168.10.1`. அது பள்ளியின் ஃபயர்வால் பெட்டியின் சொந்த எண். பெயரைக் கேட்டால் "நான்தான் அது" என்று ஃபயர்வாலே சொல்லி, தன் தடுப்புப் பக்கத்தைத் தன் சான்றிதழோடு நீட்டிக்கொண்டிருந்தது. முந்தைய படியில் பார்த்த பிழைக்கு இதுதான் காரணம்.

"ஃபில்டரா? அது லேபுக்குத்தானே தம்பி. எனக்க மிஷினுக்குக் கிடையாதே" என்றார் அக்கா. அவர் சொன்னது முந்தைய வாரம் வரை சரி.

அது எப்படி ஆனது

பள்ளியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர் நாகர்கோவிலிலிருந்து மாதம் ஒரு முறை வருபவர். பிள்ளைகள் லேபில் சமூகத் தளங்களுக்குப் போகிறார்கள் என்று சமூக ஊடக வகையை முழுவதுமாக அடைத்திருக்கிறார். அலுவலகக் கணினியும் அதே விதிக்குள் வந்துவிட்டது. உடனே வாட்ஸ்அப் வெப் நின்றது, தலைமையாசிரியர் போன் செய்தார். நிர்வாகி தூரத்திலிருந்தே `web.whatsapp.com`-ஐ விலக்குப் பட்டியலில் சேர்த்தார். பக்கம் வெறுமையாக வந்தது, ஏனென்றால் பக்கத்துக்கான நிரல்கள் `static.whatsapp.net` என்ற பெயரிலிருந்து வருகின்றன. அதையும் சேர்த்தார். பக்கம் திறந்தது, "ஹலோ" என்று அனுப்பினார்கள், போனது. வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். படத்தை யாரும் அனுப்பிப் பார்க்கவில்லை.

நான் பார்த்த இந்த வகைக் கோளாறுகளில் பெரும்பாலானவை இப்படிப் பாதி திறந்த கதவுகள்தான். யாரும் படத்தைத் தடுக்க நினைக்கவில்லை. முழுவதும் அடைத்ததை அவசரத்தில் ஒவ்வொரு பெயராகத் திறந்து, எழுத்து போனதும் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் நிர்வாகியிடம் பேசும்போது "ஏன் தடுத்தீர்கள்" என்று தொடங்க வேண்டாம். அவர் தடுத்ததாகவே அவருக்குத் தெரியாது.

ஃபில்டர் போலத் தோன்றும் வேறு ஒன்று

நிர்வாகியைக் கூப்பிடும் முன் ஒன்றை விலக்கிவிட வேண்டும். பெயர் சரியாகக் கிடைக்கிறது, சான்றிதழ் சரி, ஆனால் படம் அனுப்பும்போது பாதியில் நின்றுவிடுகிறது. மின்னஞ்சலில் கோப்பு சேர்த்தாலும் அதே கதை. சின்னச் செய்திகள் மட்டும் போகின்றன. நெட்வொர்க்கில் தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்துதான் போகும்; இது தடையாக இல்லாமல் அந்தப் பொட்டல அளவுச் சிக்கலாக இருக்கலாம்.

ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் பிபிபிஓஇ என்ற முறை உண்டு. அதில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு வழக்கமான 1500 பைட் இல்லை, 1492 பைட். பெரிய பொட்டலம் வந்தால் "சிறிதாக்கு" என்று ரவுட்டர் திரும்பிச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு ஃபயர்வால் அந்தத் தகவலை விழுங்கிவிட்டால், பெரிய பொட்டலங்கள் போன இடம் தெரியாமல் தொலையும். எழுத்துச் செய்தி சின்னது, தப்பிவிடும். படம் தப்பாது. இதைச் சோதிக்க விண்டோஸில்:

```
ping -f -l 1472 1.1.1.1
ping -f -l 1400 1.1.1.1
```

1472 என்பது 1500-இல் தலைப்புப் பகுதிக்கான 28 பைட்டைக் கழித்தது. முதலாவது பதிலே இல்லாமல் நேரம் முடிந்து, இரண்டாவதுக்கு ஒழுங்காகப் பதில் வந்தால் இந்தச் சிக்கலைத்தான் சந்தேகிக்க வேண்டும். சரிசெய்வது ரவுட்டர் அமைப்பில், நிர்வாகியின் வேலை. "எம்டியு பார்க்கணும், எம்எஸ்எஸ் கிளாம்ப் போடணும்" என்று சொன்னால் அவருக்குப் புரியும். இரண்டுக்குமே பதில் இல்லையென்றால் அங்கே பிங் மொத்தமாக அடைபட்டிருக்கிறது, இந்தச் சோதனையால் ஒன்றும் சொல்ல முடியாது.

அளவு வரம்பைச் சோதிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போகும். 4 எம்பி படம் சில நூறு கேபி ஆகிவிடும். அளவைச் சோதிக்க வேண்டுமென்றால் அதே படத்தை ஆவணமாக அனுப்புங்கள், அளவு மாறாமல் போகும். படமாகப் போய், ஆவணமாகப் போகாவிட்டால் அளவு வரம்பைச் சந்தேகிக்கலாம்.

நான்காம் படி: நிர்வாகிக்கு என்ன எழுதுவது

"வாட்ஸ்அப் வேலை செய்யல" என்று எழுதினால் அவர் தன் கணினியில் திறந்து பார்த்து, "எனக்கு வருதே" என்பார். இப்படி எழுதுங்கள். நாங்கள் அனுப்பியது கிட்டத்தட்ட இதுதான்:

"சார், அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறக்கிறது, எழுத்து போகிறது, வருகிறது. படங்கள் மட்டும் இறங்கவில்லை. ஹாட்ஸ்பாட்டில் அதே கணினியில் இறங்குகின்றன. தோற்கும் பெயர் mmg.whatsapp.net, பிழை ERR_CERT_AUTHORITY_INVALID. nslookup கொடுத்தால் 192.168.10.1 என்று வருகிறது. pps.whatsapp.net-உம் தோற்கிறது. அலுவலகக் கணினிகள் இரண்டுக்கு மட்டும் திறந்து தர முடியுமா? லேபுக்கு வேண்டாம். சோதித்த நேரம் காலை 11.20."

நேரத்தைக் குறிப்பிட மறக்காதீர்கள். அவர் ஃபயர்வால் பதிவேட்டில் அந்த நிமிடத்தைத் தேடினால் தடுத்த விதியின் பெயரே கிடைத்துவிடும்.

"யாருக்கு வேண்டாம்" என்பதையும் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். சிறுவர்களின் படங்கள் வெளியே போவதைத் தடுக்கவே சில பள்ளிகள் வேண்டுமென்று படங்களை அடைத்து வைத்திருக்கும். வங்கி, மருத்துவமனை போன்ற அலுவலகங்களில் ஆவணங்கள் கசியாமல் இருக்க அப்படிச் செய்வார்கள். அது கோளாறு இல்லை, முடிவு. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்கிறது. எனவே முடிவு நிர்வாகத்தினுடையது. விபிஎன் போட்டுத் தாண்டுவதையோ, ஹாட்ஸ்பாட்டையே நிரந்தர வழியாக்குவதையோ நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அப்படிச் செய்தால் ஃபில்டர் தடுக்கும் மற்றக் கெடுதல்களுக்கும் அந்தக் கணினி திறந்துவிடும். அதில் நாற்பது குடும்பங்களின் பாஸ்புக் இருக்கிறது.

அதே காரணத்துக்காக இன்னொன்று. Network பலகையிலிருந்து மொத்தப் பதிவையும் HAR கோப்பாகச் சேமித்து அனுப்பச் சொல்வார்கள் சிலர். அந்தக் கோப்பில் உங்கள் கணக்கின் உள்நுழைவு விவரங்கள் இருக்கக்கூடும். பெயரும் பிழையும் தெரிகிற ஒரு ஸ்கிரீன்ஷாட்டே போதும். அதிலும் பெற்றோர் எண்கள் தெரியாதபடி வெட்டி அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: திறந்தபின் சோதிப்பது

அன்று மதியமே நிர்வாகி `mmg.whatsapp.net`-ஐ விலக்கில் சேர்த்தார். கணினி பழைய விடையை நினைவில் வைத்திருக்கும் என்பதால் இதைக் கொடுத்து, பிரவுசரை மூடித் திறந்தோம்:

```
ipconfig /flushdns
```

படங்கள் வந்தன. மறுநாள் காலை அக்கா மறுபடி போன் செய்தார்: "பாதிப் படம் வருது, பாதி வரல்ல."

எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. F12 திறந்து பார்த்தால் இம்முறை சிவப்பு வரியில் இருந்தது `media-` என்று தொடங்கி `.cdn.whatsapp.net` என்று முடியும் பெயர். நடுவில் வரும் எழுத்துகள் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும். ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிக்க முடியாது. `whatsapp.net` என்ற குடும்பப் பெயரையே, அதன் கீழுள்ள எல்லாக் கிளைகளோடும், அந்த இரண்டு கணினிகளுக்குத் திறப்பதுதான் வழி.

அவர் `*.whatsapp.net` என்று எழுதினார். அப்போதும் அந்த நீளப் பெயர் தோற்றது. சில ஃபில்டர் பெட்டிகளில் நட்சத்திரக்குறி ஒரே ஒரு கிளையைத்தான் ஏற்கும். `mmg.whatsapp.net`-இல் ஒரு கிளை. `.cdn.whatsapp.net`-இல் முடியும் பெயரில் இரண்டு. எனவே `*.cdn.whatsapp.net` என்ற வரியையும் தனியாகச் சேர்த்தார். வேறு சில பெட்டிகளில் வெறும் `whatsapp.net` என்று எழுதினாலே எல்லாக் கிளைகளும் அடங்கும். உங்கள் பெட்டி எந்த வகை என்பதை அதன் கையேடு சொல்லும். விலக்கு வரி, தடை வரிக்கு மேலே இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பல பெட்டிகள் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும்.

சோதனையை முடிக்கும்போது ஐந்தையும் பாருங்கள்: புதுப் படம் ஒன்று இறங்க வேண்டும், ஒன்று ஏற வேண்டும், ஒரு ஆவணம், ஒரு குரல் செய்தி, முகப்புப் படங்கள். இறங்குவது சரியானால் ஏறுவதும் சரியாகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அனுப்புவதை மட்டும் தடுக்கும் விதிகளும் உண்டு. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், ஏனென்றால் ஃபில்டர்களின் வகைப் பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இன்று ஒரு வகையில் இருக்கும் பெயர் அடுத்த வாரம் வேறு வகைக்குப் போகலாம்.

அந்தப் பள்ளியில் அடுத்த திங்கட்கிழமை நான் போனபோது முகப்புப் படங்கள் எல்லாம் நிறத்தோடு இருந்தன. அக்கா F12 அழுத்தும் முறையை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தார். அதற்குக் கீழே நாகர்கோவில் சாரின் எண்ணும், "நேரம் எழுதணும்" என்ற குறிப்பும்.